ஆத்தாவை இல்லத்தில் விட்ட பிறகு

"எங்க ஆத்தாவுக்கு 81 வயசு. மறதி நோய் வந்து அஞ்சு வருஷமாச்சு. காரைக்குடி பக்கத்து ஊர்ல எங்க பெரிய வீட்ல நானும் ஒரு வேலைக்கார அம்மாவும் வச்சுப் பார்த்தோம். ரெண்டு தடவை ராத்திரியில தெருவுக்குப் போயிட்டாங்க, ஒரு தடவை வளவுல விழுந்துட்டாங்க. நாலு மாசத்துக்கு முன்னாடி மதுரையில ஒரு இல்லத்துல சேர்த்தோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போய்ப் பார்க்கிறேன். கிளம்பும்போது கையைப் பிடிச்சுக்கிட்டு ‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போத்தா’ங்கிறாங்க. வந்து ரெண்டு நாளைக்கு எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. பிள்ளையார் நோன்புக்கு எல்லாரும் கூடினப்ப பெரியாத்தா, ‘இவ்வளவு பெரிய வீட்டைப் பூட்டிப்போட்டுட்டுப் பெத்தவளைக் கொண்டுபோய் விட்டுட்டியே’ன்னு கேட்டாங்க. நான் செஞ்சது பாவமா?"

உங்கள் பெரியாத்தா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். அந்த வார்த்தைதான் உங்களுக்குள் முள்ளாக நிற்கிறது என்று தெரிகிறது.

பெரிய வீடு இருப்பது உண்மைதான். அந்த வீடு வயதானவர்களைப் பார்த்துக்கொண்ட காலத்தில் அதற்குள் எத்தனை புள்ளி, அதாவது எத்தனை தனிக் குடும்பம், இருந்தது என்று பெரியாத்தாவிடமே கேளுங்கள். கல்யாணமான பிள்ளையை வேறு வைத்தாலும் அதே கூரைக்குக் கீழேதான் வைத்தார்கள். வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி ஆளுக்கோர் அறை, பின்கட்டில் ஆளுக்கோர் அடுப்பு. ஓர் ஆயா ராத்திரி எழுந்து நடந்தால் நாலு பேர் காதில் விழும். முகப்பில் ஒருவர் படுத்திருப்பார், பட்டாலையில் இருவர். சித்தம் கலங்கிய ஒரு பெரியவரைப் பத்துப் பதினைந்து பேர் தங்களுக்கே தெரியாமல் முறை போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு ஒரு மகள் தனியாக வைத்துப் பார்க்கவில்லை, வீடே பார்த்தது.

இன்று அதே வீட்டில் நீங்களும் இன்னொரு அம்மாவும். மறதி நோய் முற்றியவருக்கு இருபத்து நாலு மணி நேரமும் விழித்த கண் ஒன்று வேண்டும். அதாவது ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட், லீவு போட்டால் மாற்று ஆள். அதோடு அந்த வீட்டின் அமைப்பையும் நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் நடுவே உயரமான வாசற்படி, மழை பெய்தால் நனைகிற வளவு, வழுக்குகிற ஆத்தங்குடிக் கல், கடைசிக் கட்டில் கழிப்பறை, ஒரு தெருவில் முகப்பும் மறுதெருவில் கொல்லைக் கதவும். கால் தடுமாறுகிற, வழி மறக்கிற ஒருவருக்கு இதைவிடச் சிரமமான வீடு இருக்காது. நான் நர்ஸ். பதினேழு வருஷமாக முதியோர் இல்லங்களில் வேலை, அதில் பாதிக்கு மேல் மறதி நோயாளிகள் இருக்கும் பகுதியில். இடுப்பெலும்பு முறிந்த பிறகு வந்து சேர்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஆத்தா அதற்கு முன்பே வந்துவிட்டார்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், சொந்தக்காரர்கள் சில சமயம் அதையும் இழுப்பார்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. அதன் 24-ஆம் பிரிவு, பெரியவரை அடியோடு கைகழுவும் எண்ணத்தில் எங்கேயாவது விட்டுவிட்டுப் போகிறவரைத்தான் தண்டிக்கிறது. பணம் கட்டி, போய்ப் பார்த்து, மருத்துவம் செய்து இல்லத்தில் வைத்திருப்பது அதில் வராது.

இத்தனை சொன்னாலும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உங்களுக்குச் சோறு இறங்காது. ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் குற்ற உணர்வு என்று நினைப்பதில் பெரும்பகுதி துக்கம். இரண்டும் நெஞ்சில் ஒரே இடத்தில் அடைப்பதால் பிரித்துப் பார்க்க வருவதில்லை.

நம் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் துக்கத்துக்கு ஒரு வடிவம் உண்டு. கேதம் கேட்க ஆட்கள் வருவார்கள், அழுவதற்கு இடம் கிடைக்கும், இத்தனையாம் நாள் இந்தச் சடங்கு என்று கணக்கு இருக்கும், அதன் பிறகு ஊரே உங்களை மெல்ல அன்றாடத்துக்குள் இழுத்துவிடும். ஆத்தா உயிரோடு இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறாரே, அதற்குக் கேதம் கேட்க யார் வருகிறார்கள்? உங்கள் பெயரை மறந்த அன்று நீங்கள் ஒரு தடவை இழந்தீர்கள். அவர் அறையின் சாவியைத் திருப்பிய அன்று இன்னொரு தடவை. பிள்ளையார் நோன்பில் மாவில் திரி வைத்து ஏற்றிய இழையை எடுத்துக் கொடுக்க அவர் கை இல்லாத அன்று மறுபடியும். யாரும் வந்து உட்கார்ந்து அழவில்லை, "ஏன் விட்டாய்" என்று கேட்கத்தான் வந்தார்கள். அழ இடம் கிடைக்காத துக்கம் நம்மீதே பழியாகத் திரும்பும். பழி சொன்னால் குறைந்தபட்சம் ஒரு காரணமாவது கிடைக்கிறதே!

பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு ஒரு பெயர் வைத்தார். நம் மொழியில் தெளிவற்ற இழப்பு என்று சொல்லலாம். 1970-களில், வியட்நாம் போரில் காணாமல் போனவர்களின் குடும்பங்களோடு வேலை செய்தபோது அவர் இதைக் கவனித்தார். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதபோது துக்கம் முடியாமல் தொங்குகிறது. பிற்பாடு மறதி நோயாளிகளின் வீடுகளிலும் அதையே பார்த்தார். அங்கே ஆள் கண்முன்னே இருக்கிறார், ஆனாலும் இல்லை.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. ரிச்சர்ட் ஷுல்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரைத் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளி இறந்த பிறகு குடும்பத்தாரின் மனச்சோர்வு சில மாதங்களில் நன்றாகக் குறைந்தது என்று 2003-இல் எழுதினார்கள். நோயாளியை இல்லத்தில் சேர்த்தவர்களுக்கோ மனச்சோர்வும் பதற்றமும் முன்பிருந்த அளவிலேயே நின்றன என்று 2004-இல் எழுதினார்கள். உடல் வேலை குறைகிறது, மனபாரம் குறைவதில்லை. "ஹோமில் விட்டுட்டா, இனி நிம்மதி" என்று உங்களைப் பற்றி யாராவது பேசினால் அவர்களுக்கு இது தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு மாசமாகியும் உங்களுக்கு ஆறவில்லை என்பதில் விநோதம் ஒன்றுமில்லை.

சரி, குற்ற உணர்வு என்று மிச்சமாக ஏதாவது இருக்கிறதா? இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "நான் எதை மாற்றிச் செய்யலாம்?" என்று கேளுங்கள். அதற்குக் கையில் பிடிக்கிற மாதிரி ஒரு பதில் வந்தால் அது குற்ற உணர்வு, அதைச் செய்துவிட்டால் அடங்கும். "எதுவும் இல்லை, அவங்க பழையபடி இருக்கணும்" என்று வந்தால் அது துக்கம். அதற்குத் தேவை திருத்தம் கிடையாது, அழுகையும் பேச்சும்தான்.

உங்கள் விஷயத்தில் மாற்றிச் செய்யக்கூடியது ஒன்று கண்ணில் படுகிறது. நீங்கள் போகிற நேரம்.

மறதி நோயில் பலருக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கலக்கம் கூடும். உடல் களைத்திருக்கும், வெளிச்சம் மங்கும், நிழல் நீளும், மூளையின் நேரக் கணக்கும் தடுமாறும். வாழ்நாள் முழுக்க அந்த நேரம் விளக்கேற்றுகிற நேரம், பிள்ளைகள் வந்து சேருகிற நேரம், அடுப்பைப் பார்க்கிற நேரம். ஏதோ வேலை கிடக்கிறது, நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேனே என்ற தவிப்பு வந்துவிடும். அதை அவர் "வீட்டுக்குப் போகணும்" என்று சொல்கிறார். எங்கள் இல்லத்தில் மகனோ மகளோ வராத நாளிலும் சாயங்காலம் அதையே சொல்பவர்கள் உண்டு. சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே சொன்னவர்களையும் தெரியும். உங்கள் ஆத்தாவும் ஊரில் இருந்தபோதே சொல்லியிருப்பார், யோசித்துப் பாருங்கள். தெருவுக்குப் போன அந்த இரண்டு ராத்திரியும் அவர் எந்த வீட்டைத் தேடிப் போனார்?

ஓர் ஆச்சியைப் பற்றிச் சொல்கிறேன். அவரும் உங்கள் பக்கத்து ஊர்தான். வந்த புதிதில் தினமும் அஞ்சு மணிக்கு எழுந்து இடுப்பைத் தடவுவார். புடவை மடிப்பு, தலையணைக்கு அடியில், கட்டிலுக்குக் கீழே என்று எதையோ தேடுவார். கிடைக்காதபோது கதவைப் பிடித்துக்கொண்டு அழுவார். தூக்க மாத்திரை கேட்கலாமா என்ற பேச்சு வந்தது. மகள் வந்தபோது கேட்டோம், அவருக்கும் உடனே பிடிபடவில்லை. அம்மா இடுப்பைத் தடவுகிற விதத்தை நான் செய்து காட்டியதும், "சாவிக்கொத்து" என்றார். வீட்டுச் சாவிக்கொத்து ஐம்பது வருஷம் அந்த இடுப்பில் இருந்ததாம். அடுத்த வாரம், இப்போது எந்தப் பூட்டுக்கும் சேராத பழைய இரும்புச் சாவிகள் ஐந்தாறைத் துரு போகத் தேய்த்து ஒரு வளையத்தில் கோத்துக் கொண்டுவந்தார். அந்த ஆச்சி அதை வாங்கிக் கையில் எடை பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அப்புறம் இரண்டு காரியம் சேர்த்தோம். சாயங்காலம் நாலரைக்கு ஒரு தட்டில் பஞ்சு வைத்து விளக்குத் திரி திரிக்கச் சொன்னோம். கை அதை மறக்கவில்லை, அரை மணி நேரம் திரித்துக்கொண்டிருப்பார். நெருப்பு ஆபத்து என்பதால் விளக்கு மட்டும் பேட்டரியில் எரிவது. இரண்டாவது, கூப்பிடுகிற முறை. இல்லத்தில் எல்லோரையும் "பாட்டி" என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் திரும்பவே மாட்டார், காது கேட்கவில்லை என்றே நினைத்திருந்தோம். "ஆச்சி" என்றதும் திரும்பினார். கல்யாணமான நாளிலிருந்து ஊரே ஆச்சி என்றுதான் கூப்பிட்டிருக்கிறது, பாட்டி என்றால் வேறு யாரையோ என்றுதான் நினைத்திருப்பார். ஆறேழு வாரத்தில் அழுகை பாதிக்கு மேல் குறைந்தது. முழுக்க நிற்கவில்லை, மழை நாளிலும் ஆள் மாறின நாளிலும் திரும்ப வந்தது. நோய் அதன் பாட்டுக்கு வளர்ந்தது.

ஆகவே நீங்கள் காலை பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். காரைக்குடியிலிருந்து மதுரை இரண்டு மணி நேரம்தானே. முக்கால் மணி நேரம் போதும், அதற்கு மேல் அவர் களைத்துவிடுவார். சாப்பாடு வருகிற நேரம் பார்த்துக் கிளம்புங்கள். தட்டு முன்னால் வந்ததும் பார்த்துக்கொள்கிற பெண் பக்கத்தில் உட்காருவார், அந்த இடத்தில் நீங்கள் எழுந்துகொள்ளலாம். பையை முதலிலேயே வெளியில் வைத்துவிடுங்கள், கையில் பையைப் பார்த்தாலே பிரிவு என்று தெரிந்துவிடும். கட்டிப் பிடித்து, கண் கலங்கி, மூன்று தடவை சொல்லிக்கொண்டு வருவது உங்களுக்கு ஆறுதல், அவருக்குப் பயம். "போயிட்டு வர்றேன் ஆத்தா" என்று நாம் எப்போதும் சொல்கிற ஒரு வாக்கியம் போதும். அது பொய்யும் இல்லை.

அப்படியும் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றால் "இதுதான் உங்க வீடு" என்று சொல்லாதீர்கள், அது இல்லை என்று அவருக்குத் தெரியும். "நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றும் சொல்ல வேண்டாம். அவர் மறந்துவிடுவார், சொன்ன உங்களுக்கு அது மறக்காது. "வீட்டுல யாரு இருக்காங்க ஆத்தா?" என்று கேளுங்கள். பல சமயம் அவர் சொல்வது நீங்கள் பூட்டிய வீடாக இருக்காது. கல்யாணத்துக்கு முன்பு இருந்த பிறந்த ஊர் வீடு, அங்கே அவருடைய அப்பச்சி, கிணறு, ஒரு மாடு என்று வரும். இப்போது எந்த மகளாலும் கூட்டிப்போக முடியாத வீடு அது. அதைப் பற்றிப் பேசவிட்டுக் கூடவே உட்கார்ந்திருப்பதுதான் கூட்டிப்போவது.

முன்பு எப்போதாவது "என்னை எங்கேயும் கொண்டுபோய் விட்டுடாதே" என்று அவர் சொல்லியிருப்பார், நீங்களும் சரி என்றிருப்பீர்கள். பலரும் என்னிடம் கடைசியில், குரல் தாழ்த்திச் சொல்வது இதைத்தான். வாக்குக் கொடுத்தபோது யாருக்கும் இந்த நோய் தெரியாது. அந்த வாக்கின் கரு, தனியாக விடாதே என்பது. அதை இன்னும் காப்பாற்றலாம். எப்படி என்றால், கவனிப்பதால்.

இங்கேதான் குற்ற உணர்வை வேலைக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு தடவை போகும்போதும் எடையைக் கேளுங்கள், மாதம் ஒரு முறையாவது பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஐம்பது கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ இறங்கினால் டாக்டர் பார்க்க வேண்டும். குதிகாலையும் இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடிகிற இடத்தையும் பாருங்கள். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு இருந்தால் படுக்கைப் புண் தொடங்குகிறது என்று அர்த்தம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, நிறம் மாறி ஊதாவாகவோ தொட்டால் சூடாகவோ இருக்கும். மேல் கையில் விரல் பதிந்த மாதிரி கன்றியிருந்தால் யார், எப்படிப் பிடித்தார்கள் என்று கேளுங்கள். பகல் பதினொரு மணிக்கும் கண் திறக்க முடியாமல் கிடந்தால் மாத்திரைச் சீட்டை வாங்கிப் பாருங்கள், புதிதாக எது சேர்ந்தது, யார் எழுதினார், எதற்கு என்று. கலங்கின சத்தத்தை அடக்கவே மாத்திரை கொடுக்கிற இடங்கள் உண்டு.

இன்னொன்றையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மறதி நோய் பொதுவாக மெல்லத்தான் மோசமாகும். முந்தாநாள் வரை பேசியவர் திடீரென்று உளறுகிறார், ஆளே இல்லாத இடத்தைப் பார்த்துப் பேசுகிறார், அல்லது சுருண்டு கிடக்கிறார் என்றால் அது வேறு. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் போதாமை, எங்காவது வலி, பல சமயம் இவற்றில் ஒன்றாக இருக்கும். அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும், பெரும்பாலும் சரிசெய்ய முடியும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் தண்ணீர் போதாமையைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

ஆத்தாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதி இல்லத்தில் கொடுங்கள். எப்படிக் கூப்பிட வேண்டும், எந்த நேரத்துக் குளியல் பழக்கம், காப்பியில் எத்தனை சர்க்கரை, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், எதைக் கேட்டால் கோபம் வரும். பண்டம் கொண்டுபோவதானால் மென்மையாகக் குழைந்த கவுனி அரிசி மாதிரி ஒன்று. சீப்புச் சீடை, முறுக்கு வேண்டாம், விழுங்குகிற பக்குவம் குறைந்துவரும், புரை ஏறும். நோன்பு மாவில் கொஞ்சம் திரியில்லாமல் நீங்களே ஊட்டலாம்.

உங்களைப் பற்றியும் ஒன்று. இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் பிறகு சரியாகிவிடுகிறது என்றால் பொறுத்துப் பார்க்கலாம். அதுவே இரண்டு வாரம் தொடர்ந்து, தூக்கமும் போய், எதிலும் மனம் ஒட்டாமல், இருந்து என்ன என்று தோன்ற ஆரம்பித்தால் டாக்டரிடம் போய்விடுங்கள். 14416 என்ற அரசு மனநல எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

பெரியாத்தாவிடம் வாதாட வேண்டாம். அவரும் தங்கள் தலைமுறையில் ஓர் ஆளை இழந்துகொண்டிருக்கிறார், அவருக்கும் கேதம் கேட்க யாருமில்லை. வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு வண்டியில் அவரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆத்தா பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, பஞ்சுத் தட்டை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, நீங்கள் போய் அந்த எடை நோட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள்.